வடகிழக்குப் பருவமழையை நம்பிக் குடை, ரெயின்கோட் விற்பவருக்கு: எப்போது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, மழையில்லாத மாதங்களில் எதை விற்பது

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. குடைக் கடைக்காரருக்குப் பார்த்தால் அந்த மூன்று மாதமும்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. நல்ல விற்பனை நடப்பது பதினைந்து, இருபது நாட்களில்தான். மற்ற நாட்களில் கடையைத் திறந்து வைத்து வாடகையும் சம்பளமும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதில் இன்னொரு சிக்கல், ஒரு வருடம் போல இன்னொரு வருடம் இருப்பதில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டு, 2016இல், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்துபோனது. முந்தைய வருட விற்பனையை மனதில் வைத்து 2016இல் சரக்கு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. குடை வியாபாரத்தில் நேற்றைய நல்ல வருடத்தைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறொன்றும் இல்லை.

இந்த வழிகாட்டி சென்னை, செங்கல்பட்டு, கடலூர், நாகை, டெல்டா பகுதிகளில் சிறிய, நடுத்தரக் கடை வைத்திருப்பவர்களுக்கானது. கோவை, நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து வரும். அங்கே நாட்காட்டி மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான். கீழே வரும் விலைகளும் எண்ணிக்கைகளும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தாம்பரம் போன்ற புறநகரில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: பழைய விற்பனையைச் சரிசெய்து எழுதுங்கள்

பில் புத்தகத்திலோ கணினியிலோ கடந்த ஐந்தாறு வருட அக்டோபர்–டிசம்பர் விற்பனை இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான எண்தான் கிடைக்கும். அது நீங்கள் விற்றதைச் சொல்கிறதே தவிர, வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. சரக்கு தீர்ந்துபோன நாளில் விற்பனை பூஜ்யம். கேட்டு வந்தவர்களோ அன்றைக்குத்தான் அதிகம்.

ஒரு வருடம் மூன்று மடிப்புக் குடை 400 விற்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் மழைச் சுற்றின் இரண்டாம் நாளே சரக்கு தீர்ந்து, அடுத்த லோடு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்தில் நான்கு நாள் மழை. கையில் சரக்கு இருந்த மழை நாட்களில் சராசரியாக 20 குடை போயிருக்கிறது. அப்படியானால் கைவிட்டுப் போனது 80. அந்த வருடத்தின் உண்மையான தேவை 400 இல்லை, 480.

இதைச் சரியாகச் செய்ய ஒரு பழக்கம் வேண்டும். கல்லாப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வைத்து, "இல்லை" என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு முறையும் பொருள், அளவு, தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கடைப் பையன் நாலு நாள் எழுதிவிட்டு விட்டுவிடுவான், திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு சீசனுக்குப் பிறகு உங்களிடம் இருக்கும் மிக மதிப்பான கணக்கு அந்த நோட்டாகத்தான் இருக்கும்.

நமது தாம்பரம் கடையில் ஆறு வருடத் தேவையை இப்படித் திருத்திச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 310, 450, 480, 540, 620, 700 என்று வருகிறது.

இரண்டாம் படி: மிஞ்சினால் எவ்வளவு நஷ்டம், போதாவிட்டால் எவ்வளவு நஷ்டம்

பெரும்பாலானவர்கள் இந்த ஆறு எண்களையும் கூட்டிச் சராசரி போட்டு அந்த அளவுக்கு வாங்குவார்கள். அது குடைக்கும் ரெயின்கோட்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது போல. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தாலும் மிஞ்சிப்போனால் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் சரக்குகள்.

குடையை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 200 ரூபாய், விற்பனை 300. ஒரு குடை போதாமல் போனால் இழப்பது 100 ரூபாய் லாபம். ஒரு குடை மிஞ்சினால்? அது அழுகிவிடாது. ஜனவரியிலிருந்து அடுத்த அக்டோபர் வரை பணம் முடங்குகிறது. ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி என்றால் ஒன்பது மாதத்துக்கு 27 ரூபாய். கம்பி துருப்பிடித்து, துணி நிறம் மங்கி நூற்றுக்கு எட்டு குடை வீணாகும் என்று வைத்தால் தலைக்கு 16 ரூபாய். ஆக மொத்தம் 43, இடவாடகையும் சேர்த்து 45 என்று கொள்ளலாம்.

இப்போது போதாவிட்டால் போகும் 100ஐ, அந்த 100உம் மிஞ்சினால் போகும் 45உம் சேர்ந்த 145ஆல் வகுத்தால் 0.69. இதன் பொருள், பத்து வருடத்தில் ஏழு வருடத்துக்குப் போதுமான அளவு வாங்குவது உங்களுக்கு லாபம் என்பது. ஆறு எண்களில் நான்காவதான 540 கிட்டத்தட்ட அந்த இடத்தில் இருக்கிறது. சீசன் இலக்கை 550 என்று வைப்போம்.

சாதாரண பி.வி.சி. ரெயின்கோட் அப்படியில்லை. கொள்முதல் 150, விற்பனை 240, லாபம் 90 என்று வைப்போம். மிஞ்சினால் வட்டி 20 ரூபாய். அது சின்ன விஷயம். கோடைச் சூட்டில் பி.வி.சி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மடிப்பில் வெடிக்கும், வெள்ளை நிறமாக இருந்தால் மஞ்சளடிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை அளவு. எக்ஸ்எல் முதலில் தீர்ந்துவிடும், ஏனென்றால் பைக் ஓட்டுகிறவர்கள் சட்டைக்கு மேல், சில சமயம் முதுகுப் பைக்கும் மேல் போடுவதற்காக ஒரு அளவு கூட்டித்தான் வாங்குகிறார்கள். மிஞ்சிக் கிடப்பது எல்லாம் மீடியமும் 3எக்ஸ்எல் அளவுமாக இருக்கும். அதைக் கொள்முதலில் பாதி விலைக்குத்தான் தள்ள முடியும். ஆக ஒரு கோட்டு மிஞ்சினால் சுமார் 90 ரூபாய் போகிறது, போதாவிட்டாலும் 90 போகிறது. வகுத்தால் 0.5. எனவே ரெயின்கோட்டை நடுத்தர வருடத்துக்கு மட்டுமே வாங்க வேண்டும். ஆறு வருடத் தேவை 90, 140, 160, 180, 220, 340 என்றால் இலக்கு 170. அந்த 340 வந்த வருடம் கண்ணில் நிற்கும். அதை மறந்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான கார்ட்டூன் ரெயின்கோட் இன்னும் மோசம். அடுத்த வருடம் பிள்ளைகளுக்குப் பிடித்த பொம்மை மாறிவிடும். அதைத் தேவைக்கும் சற்றுக் குறைவாகவே வாங்குங்கள். தாய்மார்கள் படம் போடாத வெறும் நிறக் கோட்டையும் வாங்கிப்போவார்கள்.

மூன்றாம் படி: முதல் தவணை, ஆகஸ்டில்

இலக்கு 550 என்பதால் ஒரேயடியாக 550 வாங்கக் கூடாது. மூன்று தவணையாகப் பிரிக்க வேண்டும். முதல் தவணைக்கான அளவுகோல் மிக எளிது: மோசமான வருடத்தில் எவ்வளவு விற்குமோ அவ்வளவு. நம் கடையில் அது 310. போன சீசனில் மிஞ்சிய நல்ல குடை 60 இருக்கிறது. ஆகவே 250 வாங்குகிறோம், 50,000 ரூபாய். எவ்வளவு மழை குறைந்தாலும் இந்தச் சரக்கு விற்றுவிடும் என்பதால் இதற்கு வானிலை அறிக்கை எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏன் ஆகஸ்ட்? கிழக்குக் கடற்கரை வியாபாரிக்கு இயற்கை கொடுத்திருக்கும் ஒரு சலுகை இதில் இருக்கிறது. கேரளாவில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்குகிறது. பள்ளியும் அப்போதே திறக்கிறது. அங்கே குடை விற்பனையின் உச்சம் மே கடைசியும் ஜூனும். ஆலப்புழை குடைத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். மும்பையில் மழை ஜூனில் பிடித்து அக்டோபர் தொடக்கத்தில் விலகும். அங்குள்ள மொத்த வியாபாரிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் கையிருப்பைக் காசாக்கப் பார்ப்பார்கள். அவர்கள் சீசன் முடியும் நேரத்தில் நம் சீசன் தொடங்குகிறது. அக்டோபரில் பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் எல்லாக் கடைக்காரரும் கூட்டமாகப் போய் நிற்கும்போது கிடைக்கும் விலையையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சீசன் கடைசியில் தள்ளிவிடும் சரக்கில் யாரும் எடுக்காத நிறங்களும் கழிவுகளும் கலந்திருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். பெட்டிக்கு நாலைந்து குடையை எடுத்து, ஒவ்வொன்றையும் பத்து முறை விரித்து மடக்கிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துணியில் ஊசி ஓட்டைகள் தெரியும். கம்பி நுனியும் துணியும் சேரும் தையலை விரலால் இழுத்துப் பாருங்கள், முதலில் பிரிவது அங்கேதான். தண்டில் மேலும் கீழும் ஓடும் வளையத்துக்கு உள்ளே துரு இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அந்தக் குடை வாடிக்கையாளர் கையில் இரண்டு மழைக்குள் சிக்கிக்கொள்ளும், உங்கள் கடைக்கே திரும்பி வரும்.

நிறத்தில் பாதிக்குப் பாதி கறுப்பு வாங்கிவிடுங்கள். மிஞ்சினாலும் கறுப்பு எந்த வருடமும் விற்கும்.

நான்காம் படி: வானிலை அறிக்கையை எப்படிப் பயன்படுத்துவது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அறிக்கை தவறு என்பதால் அல்ல, எந்த அறிக்கையை எந்த முடிவுக்குப் பயன்படுத்துவது என்று தெரியாததால்.

இந்திய வானிலை ஆய்வு மையம் செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழைக்கான பருவ முன்னறிவிப்பை வெளியிடுகிறது. இயல்பைவிடக் கூடுமா, இயல்பா, குறையுமா என்று நிகழ்தகவாகச் சொல்லும். இது மூன்று மாதத்துக்கும் பெரிய நிலப்பரப்புக்கும் சேர்த்துச் சொல்லும் கணிப்பு. உங்கள் ஊரில் மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்க்குமா, இருபது நாள் தூறுமா என்று அது சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த இருபது நாள் தூறல். ஒரே நாளில் 20 செ.மீ. பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், கடை ஷட்டர் இறங்கும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள், குழந்தைகள் ரெயின்கோட் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். மழை அளவு கூடினால் விற்பனை கூடும் என்பது கணக்கில் வராத கற்பனை.

எல் நினோ, லா நினா பேச்சும் அப்படித்தான். பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை நன்றாக இருக்கும் என்பார்கள், 2015 அப்படித்தான் இருந்தது. லா நினாவில் குறையும் என்பார்கள், 2016இல் குறைந்தது. சரி, ஆனால் 2021உம் லா நினா ஆண்டுதான். அந்த நவம்பரில் சென்னை மாதம் முழுக்க நனைந்தது. இந்த ஒரு தகவலை நம்பிக் கொள்முதலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நமக்கு உண்மையில் உதவுவது இரண்டு. ஒன்று, வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகும் நீட்டித்த கால முன்னறிவிப்பு. அடுத்த இரு வாரத்துக்குத் தமிழகத்தில் மழை இயல்பை ஒட்டி இருக்குமா என்று அதில் பார்க்கலாம். இன்னொன்று, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் ஐந்து நாள் அறிக்கை. வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாவது அதில் தெரிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மும்பையிலிருந்தோ கேரளாவிலிருந்தோ லாரி பார்சலில் சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றால், ஐந்து நாள் அறிக்கையைப் பார்த்து அங்கே ஆர்டர் கொடுப்பதில் பயனில்லை. சரக்கு வந்து சேரும்போது மழை போயிருக்கும். அந்த ஆர்டரை இரு வார அறிக்கையைப் பார்த்துத்தான் தர வேண்டும். ஐந்து நாள் அறிக்கையைப் பார்த்து வாங்குவது என்றால் மறுநாளே சரக்கு கொடுக்கும் பாரிமுனை வியாபாரியிடம்தான் வாங்க வேண்டும். சரக்கு வந்து சேரும் நாட்களைவிட அறிக்கை எட்டும் நாட்கள் அதிகமாக இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம் தவணை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20 வாக்கில். ஆகவே அக்டோபர் முதல், இரண்டாம் வார வியாழக்கிழமைகளில் இரு வார அறிக்கையைப் பாருங்கள். கடலோரத் தமிழகத்துக்கு இயல்பான மழையோ அதற்கு மேலோ காட்டினால் இரண்டாம் தவணையை ஆர்டர் செய்யுங்கள். நம் கடைக்கு அது 150 குடை, 30,000 ரூபாய். வறட்சியாகக் காட்டினால் ஆர்டரை ரத்து செய்ய வேண்டாம், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். பருவமழை தாமதமாக வருவது வேறு, வராமல் போவது வேறு.

தீபாவளியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எங்காவது வந்து விழும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு முந்தைய பத்து நாள் பார்சல் ஆபீஸ்கள் ஜவுளியால் நிரம்பி வழியும், மூன்று நாளில் வர வேண்டிய கட்டு பத்து நாள் கிடங்கில் கிடக்கும். பண்டிகைக்குப் பிறகோ சுமை தூக்குகிறவர்களே ஊரில் இருக்கமாட்டார்கள். தீபாவளி முன்னதாக வரும் வருடம் இரண்டாம் தவணையையும் செப்டம்பர் கடைசியிலேயே வாங்கிவிடுவது நல்லது. அறிக்கை பார்க்கும் வசதியை இழக்கிறோம்தான், ஆனால் வராத சரக்கைவிட அது பரவாயில்லை.

ஆறாம் படி: முதல் மழைச் சுற்றைப் படிப்பது

சீசன் முழுவதையும் பற்றி மிக நம்பகமான தகவல் வானிலை மையத்திடம் இல்லை, உங்கள் கல்லாவில் இருக்கிறது. முதல் மழைச் சுற்று, அதாவது நாலைந்து நாள் தொடர்ந்து பெய்யும் முதல் மழை, முடிந்த மறுநாள் உட்கார்ந்து எண்ணுங்கள். பழைய வருடங்களில் முதல் சுற்றில் எவ்வளவு விற்றது, சீசன் முழுக்க எவ்வளவு விற்றது என்று ஒப்பிட்டால் ஒரு விகிதம் கிடைக்கும். நம் கடையில் அது மூன்றில் ஒன்று என்று வைப்போம். அந்த விகிதம் பெரியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போன வருடக் குடை எங்கே வைத்தோம் என்று தேடிக் கிடைக்காதவர்கள், கம்பி உடைந்ததை அன்றுதான் கண்டுபிடித்தவர்கள், பேருந்து நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் முதல் சுற்றில் வருகிறார்கள். வாங்கியவர் அதே சீசனில் திரும்ப வாங்குவது அபூர்வம்.

முதல் சுற்றில் 190 குடை போனால் சீசன் 570ஐ நோக்கிப் போகிறது. மூன்றாம் தவணை 90ஐ எடுங்கள். 110தான் போயிருந்தால் சீசன் 330 வாக்கில் முடியும். கையில் உள்ளதே மிஞ்சும், மூன்றாம் தவணை வேண்டாம்.

மூன்றாம் தவணையைப் பாரிமுனை வியாபாரியிடம் முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும். சீசன் விலையில் அது 200க்குக் கிடைக்காது, 225 ஆகலாம். 90 குடைக்கு 2,250 ரூபாய் கூடுதல். இதைக் கசப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆகஸ்டிலேயே மொத்தத்தையும் வாங்கியிருந்து, வருடம் மோசமாகி 310தான் விற்றால் 240 குடை, அதாவது 48,000 ரூபாய் முடங்கியிருக்கும். தவணையாக வாங்கி, இரண்டாம் தவணையையும் எடுத்துவிட்ட நிலையில்கூட முடங்குவது 30,000தான். அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் விலை இந்த 2,250.

இந்தக் கணக்கில் ஒரு இடத்தில் ஏமாறலாம். முதல் சுற்று உங்கள் பகுதியில் வெள்ளமாக வந்து கடை இரண்டு நாள் மூடியிருந்தால் விற்ற எண்ணிக்கை குறைவாகவே காட்டும். அப்போது திறந்திருந்த மழை நாட்களின் சராசரியைப் பழைய வருடத்தின் அதே சராசரியோடு ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: கடைசிக் கொள்முதல் தேதி

கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை என்பார்கள். மழையைப் பொறுத்தவரை இது எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் மார்கழி பிறந்த பிறகுதான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஆனால் குடைக் கொள்முதலுக்கு இந்தப் பழமொழி நல்ல கடிவாளம். நவம்பர் 20க்குப் பிறகு புதுச் சரக்கு வாங்காதீர்கள். டிசம்பரில் புயலே வந்தாலும் வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கி முடித்திருப்பார்கள், கையிலிருப்பதைக் கொண்டு சமாளிக்கலாம். டிசம்பர் முதல் வாரத்தில் "புயல் வருகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மொத்த வியாபாரி தொலைபேசியில் அழைத்தால், அவரிடமும் சரக்கு தேங்கியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ரெயின்கோட்டுக்குத் தள்ளுபடி போடுவதும் டிசம்பர் முதல் வாரத்தில்தான், அதாவது இன்னும் மழை இருக்கும்போதே. பொங்கலுக்குப் பிறகு பாதி விலை என்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குடைக்குத் தள்ளுபடி வேண்டாம், அதற்கு வெயில் காத்திருக்கிறது.

எட்டாம் படி: மழையில்லாத ஒன்பது மாதம்

இடைப்பட்ட மாதங்களுக்கு என்ன சரக்கு வைக்கலாம் என்று பலரும் பெரிய பட்டியலே தருவார்கள். நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். ஏற்கனவே கடைக்கு வரும் ஆட்களே அதை வாங்குவார்களா? அதில் போட்ட பணம் ஜூலை கடைசிக்குள் கைக்குத் திரும்புமா? இரண்டாவது கேள்வியில் தேறாத சரக்கு எவ்வளவு லாபம் தந்தாலும் வேண்டாம், ஏனென்றால் ஆகஸ்டில் குடை வாங்க அந்த 50,000 வேண்டும். சீசன் இல்லாத காலச் சரக்கில் பணம் மாட்டிக்கொண்டதால், மலிவாகக் கிடைக்கும் ஆகஸ்ட் சரக்கை விட்டுவிட்டு அக்டோபரில் கூடுதல் விலைக்கு வாங்கும் கடைகள் நிறைய.

முதல் இடம் வெயில் குடைக்குத்தான். மார்ச் கடைசியிலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும் மே கடைசி வரை, உள்பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள யு.வி. குடை போகும். மழைக் குடையில் மிஞ்சிய கறுப்பும் கூடவே நகரும், பெரியவர்கள் வெயிலுக்குக் கறுப்புதான் கேட்பார்கள். வெள்ளிப் பூச்சுக் குடையில் கவனம் தேவை. மலிவான பூச்சு ஒரு வருடம் மடிப்பில் கிடந்தால் செதில் செதிலாக உதிரும். அதனால் அதை மழைக் குடை போல அடுத்த வருடத்துக்கு வைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். தேவைக்குச் சற்றுக் குறைவாக வாங்கி மே இறுதியில் தீர்த்துவிடுங்கள். தள்ளுவண்டிக்காரர்களும் இளநீர்க் கடைக்காரர்களும் வாங்கும் பெரிய குடை மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒன்றுக்கு லாபம் நன்றாக இருக்கும், இரண்டு மூன்று வைத்தால் போதும்.

அடுத்தது இருசக்கர வாகனக்காரர். மழையில் உங்களிடம் ரெயின்கோட் வாங்கியவர் அவர்தான். வெயிலுக்குக் கையுறை, முழங்கை வரை மூடும் கைச்சட்டை, முகத்துணி, வண்டி மூடும் கவர் என்று வாங்குவார். இவையெல்லாம் சிறிய சரக்கு, இடம் அடைக்காது, மிஞ்சினாலும் கெடாது.

ஜூன் பள்ளித் திறப்புக்குப் பை வைக்கலாமா என்பது எப்போதும் வரும் கேள்வி. வைக்கலாம், ஆனால் அதுவும் இரண்டு வார உச்சம் கொண்ட சரக்குதான். ஒரு சீசன் சிக்கலைத் தீர்க்கப் போய் இன்னொன்றைக் கொண்டுவருகிறோம். வைப்பதானால் வாடிக்கையான மொத்த வியாபாரியிடம் விற்காததைத் திருப்பிக்கொடுக்கும் பேச்சோடு எடுங்கள், லாபம் சற்றுக் குறைந்தாலும். பையோடு மழை உறையும் குழந்தைக் குடையும் சேர்த்துக் கொடுத்தால் அக்டோபருக்கான தேவையில் கொஞ்சம் ஜூனிலேயே விற்றுவிடும்.

சீசனுக்குள்ளேயே ஒரு இடைவெளி இருக்கிறது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து தை வரை சபரிமலைக்குப் போகிறவர்கள் தோள்பை, போர்வை, மெல்லிய ரெயின்கோட் தேடுவார்கள். குழுவாகப் போவதால் பத்து, இருபது என்று மொத்தமாக எடுப்பார்கள். டிசம்பரில் தள்ளுபடிக்குப் போக வேண்டிய மலிவு ரெயின்கோட்டை முழு விலைக்கு விற்க இதுவே வழி. குருசாமிகளை ஐப்பசியிலேயே பார்த்துப் பேசிவையுங்கள்.

பெயர் அச்சிட்ட குடை ஆர்டர்களையும் மழைக்காலத்துக்கு விட்டுவிடாதீர்கள். நகைக் கடைகளும் ஜவுளிக் கடைகளும் அன்பளிப்பாகக் கொடுக்கக் குடை கேட்பதுண்டு. அதைக் கோடைக்கு, அட்சய திருதியையை ஒட்டிக் கேட்டு வாங்கினால் அச்சுக்கான அவகாசமும் இருக்கும், பாதி முன்பணமும் கிடைக்கும். அக்டோபரில் அந்த ஆர்டரை எடுத்தால் அச்சகத்தில் காத்திருக்கும், உங்கள் கவனமும் சிதறும்.

மிஞ்சிய ரெயின்கோட்டை என்ன செய்வது? ஏப்ரல், மே மாதங்களில் கூடலூர், வால்பாறை, நாகர்கோவில் பக்கம் தென்மேற்குப் பருவமழைக்குச் சரக்கு சேர்க்கத் தொடங்குவார்கள். ஆகஸ்டில் நீங்கள் கேரளச் சரக்கை வாங்கியதற்கு நேர் எதிரான பாதை இது. அங்கே ஒரு கடைக்காரரைப் பழக்கம் பிடித்துக்கொண்டால், உங்களிடம் மிஞ்சிய மீடியத்தையும் 3எக்ஸ்எல்லையும் கொள்முதல் விலைக்குச் சற்றுக் கீழே கொடுத்துவிடலாம். பாதி விலைக்குத் தள்ளுவதைவிட நல்லது. அப்படி ஒரு வழி உறுதியானால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், ரெயின்கோட் மிஞ்சினால் வரும் நஷ்டத்தை 90இலிருந்து 45 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வகுத்தால் 0.67 வரும், இலக்கு 170இலிருந்து 180க்குச் சற்று மேல் போகும்.

ஒன்பதாம் படி: கிடங்கும் ஜூலை எண்ணிக்கையும்

மிஞ்சிய குடையை முழுக்கக் காய்ந்த பிறகே கட்டுங்கள். காட்சிக்கு வைத்து ஈரக் கையோடு ஆயிரம் பேர் தொட்ட குடையைத் தனியாக எடுத்து முதலில் விற்றுவிடுவது நல்லது. தகரக் கூரைக்குக் கீழே பி.வி.சி. சரக்கை வைக்காதீர்கள். வேறு இடமில்லை என்றால் கோட்டுகளுக்கு இடையே முகப்பவுடர் தூவி, உருட்டி வையுங்கள், அழுத்தி மடிக்க வேண்டாம். கிடங்கில் தரையோடு தரையாகப் பெட்டி இருக்கக் கூடாது. மழைச் சரக்கு விற்கும் கடையில் மழைத் தண்ணீர் புகுந்து சரக்கு வீணாவது வருடா வருடம் நடக்கிறது.

ஜூலை கடைசி வாரத்தில் எல்லாப் பெட்டியையும் திறந்து எண்ணுங்கள். இருபதுக்கு ஒரு குடை வீதம் விரித்துப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டுக்கு மேல் சிக்கினாலோ துரு தெரிந்தாலோ பெட்டி முழுவதையும் சோதித்து, கெட்டதைக் கழித்துவிடுங்கள். மிஞ்சிய நல்ல சரக்கு என்று ஆகஸ்ட் கணக்கில் கழிக்க வேண்டியது இந்த எண்ணைத்தான், ஜனவரியில் பெட்டி மேல் எழுதி வைத்ததை அல்ல.